ஒண்டிவீரனுக்கு எந்தத் துணி?

(பத்தமடையில் நிகழ்த்திய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் கவிதையைப் பற்றியோ வழக்குகளைப் பற்றியோ பேசுவதுதான் நம் வழக்கம். இந்த முறை துணியைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் வாசகசாலைக்கு ஒண்டிவீரனின் படம் ஒன்று வரைய வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஓவியர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி முகத்தைப் பற்றியது அல்ல. “என்ன உடுத்தியிருந்தார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் கணக்குதான் இந்த உரை.

ஒண்டிவீரனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் படைத்தளபதி, அருந்ததியர். பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022இல் அஞ்சல் தலை வந்தது. 1771 ஆகஸ்ட் 20 அவருடைய நினைவு நாளாகக் கொள்ளப்படுகிறது. புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். ஆகவே அவரைப் பார்த்து எடுத்த படம் எதுவும் இருக்க வழியில்லை. சுவரொட்டியில் நாம் பார்க்கும் ஒண்டிவீரன்கள் எல்லாம் யாரோ உடுத்திவிட்டவர்கள்.

எதை உடுத்திவிட்டார்கள் என்று பாருங்கள். சிவப்பு அல்லது ஊதா வெல்வெட் மேலங்கி, நெஞ்சில் ஜரிகை, பளபளக்கும் அரைக்கச்சை, முத்துமாலை. இது 1760களின் உடை இல்லை. நாடகக் கம்பெனியின் ராஜபார்ட் உடை. அது எந்த வழியில் நம் சுவரொட்டிக்கு வந்தது என்பதை நம் வட்டாரத்திலேயே காட்டலாம். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டியவர். பிறகு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி நாட்காட்டிகளாக வீடு வீடாகப் போயின. மேடைத் துணி நாட்காட்டிக்கு வந்தது. 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வண்ணப்படமாக வந்தபோது அந்தத் துணிக்கு இன்னும் மினுமினுப்புக் கூடியது. அதற்குப் பிறகு பாளையக்காரர் காலம் என்றாலே எல்லோருக்கும் வெல்வெட் என்று ஆகிவிட்டது. கொண்டையராஜு மீது எங்களுக்குக் குறை இல்லை. அவர் வரைந்தது தெய்வங்களை. தெய்வத்துக்கு நூற்றாண்டு கிடையாது. ஒண்டிவீரனுக்கு உண்டு.

சரி, அந்த நூற்றாண்டின் துணி எப்படி இருக்கும்? இதைப் பத்தமடையில் பேசுவது எளிது. பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் உள்ள வேற்றுமை கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கீறினோம் என்பதில் இருக்கிறது என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். துணியிலும் அதுதான். கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது. நீண்ட இழைக் கம்போடியாப் பருத்தி இங்கே பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். குட்டை இழையைக் கையால் நூற்றால் உழைக்கிற மக்கள் உடுத்தும் துணிக்கான நூல் தடிப்பாக, ஓரிடம் பருத்தும் ஓரிடம் மெலிந்தும், மேலே பஞ்சு சிலும்பிக்கொண்டு வரும். அதில் நெய்த துணி வெளிச்சத்தை உறிஞ்சும், திருப்பி அடிக்காது. மடிப்புகள் எண்ணிக்கையில் குறைவாகவும் உருண்டையாகவும் விழும். இப்போதைய பாலியஸ்டர் கலந்த வேட்டியை ஒருவருக்குக் கட்டிவிட்டு அதைப் பார்த்து வரைந்தால் மடிப்பு கத்தி முனைபோல விழும், அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். ஒரு படத்தில் துணி பொய்யா என்று தெரிய முதலில் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது நிறம். நம் கடை வேட்டியின் கண்கூசும் வெள்ளை, துணியில் ஏற்றும் ரசாயன வெண்மை. அது போன நூற்றாண்டுச் சரக்கு. உவர்மண்ணில் வெளுத்து வெயிலில் காயப்போட்ட நாட்டுத் துணி பாலாடை நிறத்தில் இருக்கும். வெளுக்காதது பழுப்பு. சாயம் ஏற்றியது என்றால் சாயவேரின் செங்கல் சிவப்பு, அவுரியின் நீலம், கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு, மஞ்சள். சுவரொட்டிகளில் அடிக்கடி வரும் பளீர் ஊதாவையும் ரோஜா நிறத்தையும் பாருங்கள். அந்த வகைச் சாயங்களில் முதலாவதை லண்டனில் பெர்கின் என்பவர் கண்டுபிடித்தது 1856இல். ஒண்டிவீரன் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. நீலத்தை விரும்பும் நமக்கு இதில் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. அவுரி இந்தச் சீமையிலேயே விளைந்த பயிர். தலைப்பாகையை நீலமாக வரையலாம். ஆனால் அது கொடி நீலமாக இருக்கக் கூடாது. அவுரி நீலம் மடிப்பு ஓரங்களிலும் உராயும் இடங்களிலும் வெளுத்துப்போகும். பழகிய துணி என்று தெரிய அந்த வெளுப்பை வரைய வேண்டும்.

இனி வெட்டும் அளவும். இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

அந்தக் காலத்தில் உழைக்கும் மக்களின் உடையில் பெரும்பாலும் வெட்டே கிடையாது. தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே உடுத்தினார்கள். இரண்டு பக்கமும் கரை தெரியும், முனைகளில் பாவு நூல் தொங்கும். மடித்து அடித்த தையல் விளிம்பு தெரிந்தால் அது தவறு. நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கும் தூரம்தான் குழித்தறித் துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் முறை நம் மாகாணத்தில் பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நம் கடை வேட்டி ஐம்பது அங்குல அகலம், இடுப்பிலிருந்து கணுக்காலைத் தொடும். பழைய அகலத்தில் ஒருவர் கட்டினால் கெண்டைக்காலோடு நின்றுவிடும். அதையே தார்பாய்ச்சி இழுத்துச் செருகினால் முழங்காலுக்கு ஏறிவிடும்.

இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: “முழங்காலுக்கு மேலே வேட்டி, திறந்த மார்பு. அவர்கள் நம்மை எப்படி வைத்திருந்தார்களோ அப்படியே நாமே வரைந்து மாட்டப் போகிறோமா, அண்ணே?”

நியாயமான கேள்வி. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஹட்டன் தன்னுடைய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணிந்து மேலுடம்பை மறைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. மீறியவர்கள் மீது வன்முறை நடந்தது. 1930 என்றால் ஆலைத் துணி அகலமாகவும் மலிவாகவும் கிடைத்த காலம். தறி குறுகல் என்று அப்போது யாரும் சொல்ல முடியாது. ஆக, ஒரு மனிதரின் வேட்டி முழங்காலில் நிற்பதற்குத் தறி ஒரு காரணம், வேலையும் சண்டையும் ஒரு காரணம், சாதிக் கட்டளை ஒரு காரணம். படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். எது எந்தக் காரணம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி வரைவதுதான் ஓவியருக்கு நாம் வைக்கும் வேலை.

தஞ்சாவூரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆங்கிலேயருக்காக வரைந்த சாதி இணைப் படங்கள் இருக்கின்றன. ஒரு தாளில் ஓர் ஆணும் பெண்ணும், கையில் தொழில் கருவி, கீழே சாதிப் பெயர். முடிச்சு எங்கே விழுகிறது, தலைத்துணியை எத்தனை சுற்றுச் சுற்றினார்கள் என்பதற்கு அவை நல்ல சான்று. நிற்கும் விதத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. அங்கே நிற்பவர் ஒரு மாதிரிச் சரக்கு. 1909இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் உள்ள புகைப்படங்களும் அப்படித்தான். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, குனிந்த தோளை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று ஓவியரிடம் சொன்னோம்.

அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டாரே, ஒண்டிவீரனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். அம்பேத்கரின் கோட்டு அவரே தேர்ந்தெடுத்துப் போட்டது, அவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. வெல்வெட்டோ ஜமீன்தார் வீட்டு அலமாரியிலிருந்து நாம் இரவல் வாங்கிப் போர்த்தியது. அரசன் மாதிரித் தெரிந்தால்தான் வீரன் என்று நாமே ஒத்துக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆகவே முடிவாக உடுத்தியது இது. இடுப்பில் பழுப்பு வேட்டி, தார்பாய்ச்சி. அதன் மேல் நீளத் துணியைப் பலமுறை சுற்றிய கச்சை, அதில் குத்துவாள். இந்தக் கச்சை இருப்பதால்தான் வேட்டி ஏறியிருப்பது சண்டைக்கு என்று பார்ப்பவருக்குப் புரியும். மார்பைத் திறந்து விடவில்லை. பஞ்சு திணித்து வரிவரியாகத் தைத்த அங்கியைத் தென்னாட்டுப் படைவீரர்கள் அணிந்ததுண்டு, தளபதிக்கு அது பொருந்தும். அதில் பொத்தான் கிடையாது, கழுத்துப்பட்டை கிடையாது. பக்கவாட்டில் நாடாவால் கட்டுவது. தையல் எந்திரம் வருவதற்கு முந்திய காலம், ஆகவே தையல் கோடு ஒரே சீராக ஓடக் கூடாது. தலையில் அவுரி நீல முண்டாசு.

அதிக நேரம் செலவழித்தது செருப்பில். பழைய வரைவில் கறுப்பு பாலிஷ் போட்ட, வெள்ளி வளையம் வைத்த காலணி இருந்தது. அருந்ததியர் தளபதியின் காலில் இருப்பது அவருடைய மக்களே பதனிட்டுத் தைத்ததாக இருக்க வேண்டாமா? ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும், மிதிபடும் இடம் மட்டும் கறுக்கும். குரோம் பதனிடல் சென்னை மாகாணத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பெருவிரலுக்கு ஒரு வளையம், குறுக்கே ஒரு பட்டை, தோல் வாரினாலேயே தைப்பு. செருப்பே போடக் கூடாது என்று பிற்காலத்தில் பட்டியல் போட்ட சீமையில் இந்தக் காலை மறைக்காமல் முன்னால் வைத்து வரையச் சொன்னோம்.

கை பற்றிய கதையையும் கேட்டார்கள். புல்லுக்குள் ஒளிந்திருந்தபோது கைமேல் முளை அடிக்கப்பட்டதாகவும், சத்தம் காட்டாமல் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டதாகவும் வாய்மொழிக் கதை சொல்கிறது. அந்த இரவுக்குப் பிந்திய ஒண்டிவீரனை வரைந்தால் கச்சையிலிருந்து கிழித்த துணிதான் கட்டாக இருக்கும். நாம் வரைவது அதற்கு முந்திய நாளை.

அடுத்து குயிலியின் படம். சுவரொட்டியில் அவருக்கு இடுப்புவரை இறுகிப் பிடிக்கும், கொக்கி வைத்த ரவிக்கை. அது சினிமாத் தையல். ஒரே நீளத் துணியை மார்பையும் சேர்த்து இறுக்கிச் சுற்றிக் கட்டும் முறைகள் நம் பாட்டிமார் வரை இருந்தன. வயல் வேலையில் அது நழுவாது. அந்தக் கட்டைக் கட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் ஓவியருக்கு ஒருமுறை கட்டிக் காட்ட வேண்டும்.

வெளியே மேசையில் மூன்று துண்டுத் துணி வைத்திருக்கிறோம். ஒன்று தடித்த கதர், கஞ்சி போகக் கொதிக்க வைத்துப் பலமுறை அலசியது. ஒன்று காடாத் துணி. ஒன்று கடை வேட்டி. மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் மடித்துப் பிடித்துப் பாருங்கள். எதை வைத்து வரையலாம் என்று ஓவியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவர் மாலைவரை இங்கேதான் இருப்பார்.