நாலு பொருளுக்கு நாலு சமன்பாடு: உடலின் கொழுப்பை அளக்கும் கதை

(பரவையில் நடந்த அறிவியல், கணித ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் உயரமும் எடையும் எடுத்துப் பதிவு செய்கிறோம். அந்த இரண்டு எண்ணிலிருந்து உடல் நிறை குறியீடு வந்துவிடுகிறது. எடை குறைவு, சரியான எடை, அதிக எடை என்று மூன்று பிரிவு. ஆனால் எடை மெஷினில் ஏறி நிற்கும் பிள்ளையின் 30 கிலோவில் எத்தனை கிலோ கொழுப்பு, எத்தனை கிலோ தசையும் எலும்பும் என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

இது சின்ன விஷயமில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. ஸ்கேன் செய்து பார்த்தபோது யுட்கினின் உடலில் 9.1 விழுக்காடு கொழுப்பு. யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. குறியீடு ஒன்று, கொழுப்போ இரண்டு மடங்குக்கு மேல். பார்வைக்கு மெலிந்த இந்தியருக்கும் சர்க்கரை நோய் வருவது ஏன் என்று யோசிப்பவர்கள் இன்றும் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அப்படியென்றால் கொழுப்பை எப்படி அளப்பது? உயிரோடு இருப்பவரின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தராசில் வைக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இடத்தில் கணித ஆசிரியர்கள் எனக்குக் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும்.

ஒருங்கமை சமன்பாடு நடத்தும்போது நாம் சொல்லும் முதல் விதி என்ன? தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். உடலைக் கொழுப்பு என்றும், கொழுப்பில்லாத மீதி என்றும் இரண்டாகப் பிரிப்போம். எடை ஒரு சமன்பாடு. உடலின் கனஅளவு இன்னொரு சமன்பாடு. கொழுப்பின் அடர்த்தி லிட்டருக்கு 0.9 கிலோ; மீதியின் அடர்த்தி 1.1 கிலோ. ஆர்க்கிமிடீஸ் வழியில் ஆளைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்து எடை பார்த்தால் கனஅளவு கிடைத்துவிடும். விடையும் வந்துவிடும். 1940-களில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பெங்கே வீரர்களை இப்படித்தான் அளந்தார். பிறகு வில்லியம் சிரி என்பவர் அதை ஒரே வரிச் சூத்திரமாக ஆக்கினார்:

கொழுப்பு விழுக்காடு = (495 ÷ அடர்த்தி) − 450

இரண்டு பகுதி முறைக்கு இன்னொரு வழியும் உண்டு. கொழுப்பில் தண்ணீர் கிடையாது. உடலின் தண்ணீர் முழுவதும் மீதிப் பகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 73 விழுக்காடு தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால், தண்ணீரை அளந்து 0.73-ஆல் வகுத்தால் போதும். 1945-இல் பேஸ், ராத்பன் என்ற இருவர் கினிப்பன்றிகளை ஆராய்ந்து இந்த விகிதத்தை முன்வைத்தார்கள்.

இரண்டு வழியுமே அழகானவைதான். சிக்கல் எங்கே என்றால், 1.1 என்பதும் 73 என்பதும் நாம் அந்த ஆளிடம் அளந்த எண்கள் அல்ல, ஏற்கெனவே வைத்துக்கொண்ட எண்கள். கொழுப்பில்லாத பகுதி என்பது ஒரே பொருள் இல்லை. அதில் தண்ணீர் உண்டு, புரதம் உண்டு, எலும்பின் தாது உண்டு. தண்ணீரின் அடர்த்தி 0.99, புரதம் 1.34, தாது ஏறக்குறைய 3. இந்த மூன்றும் எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் கலந்திருந்தால்தான் 1.1 சரியாக இருக்கும்.

வளரும் பிள்ளையிடம் அந்த விகிதம் இல்லை. பெரியவரைவிட அதன் தசையில் தண்ணீர் அதிகம். எலும்பில் தாது இன்னும் முழுதாக ஏறியிருக்காது. பத்து வயதில் கொழுப்பில்லாத பகுதியில் தண்ணீர் 75 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், அடர்த்தியும் 1.1-க்குக் கீழே 1.085 அல்லது 1.09 என்று இருக்கும். இந்தச் சிறு வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கரும்பலகையில் போட்டே பார்த்துவிடுவோம்.

கணக்குக்காக ஒரு பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொள்வோம். எடை 30 கிலோ. கனஅளவு 28.70 லிட்டர். உடல் தண்ணீர் 18.0 கிலோ. எலும்புத் தாது 1.0 கிலோ.

முதலில் சிரி சூத்திரம். அடர்த்தி 30 ÷ 28.70 = 1.0453. சூத்திரத்தில் போட்டால் 23.6 விழுக்காடு, அதாவது 7.1 கிலோ கொழுப்பு.

அடுத்து தண்ணீர் வழி. 18.0 ÷ 0.73 = 24.7 கிலோ கொழுப்பில்லாத பகுதி. மீதி 5.3 கிலோ கொழுப்பு, அதாவது 17.8 விழுக்காடு.

ஒரே பிள்ளை, ஒரே நாள், இரண்டு நல்ல அளவீடுகள். விடையில் 1.7 கிலோ வித்தியாசம். இதில் தராசின் பிழை எதுவுமில்லை. பிள்ளையின் தசை தண்ணீர் கூடி, அடர்த்தி குறைந்து இருக்கிறது. அடர்த்தி வழிக்கு அந்தக் குறைவு கொழுப்பாகத் தெரிகிறது. அதனால் கொழுப்பைக் கூட்டிச் சொல்கிறது. தண்ணீர் வழிக்கு அதே கூடுதல் தண்ணீர் தசையாகத் தெரிகிறது. அதனால் கொழுப்பைக் குறைத்துச் சொல்கிறது. இரண்டு வழியும் ஒரே காரணத்தால் எதிரெதிர்த் திசையில் தவறுகின்றன. ஒரே ஆளுக்கு இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து, விடைகள் இப்படி விலகினால், ஊகித்த எண் அந்த உடலுக்குப் பொருந்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு மருந்து, ஊகத்தை விட்டுவிட்டு அளப்பதுதான். உடலைக் கொழுப்பு, தண்ணீர், தாது, புரதம் என்று நான்காகப் பிரிக்கிறோம். தெரியாதவை நான்கு, அளவீடும் நான்கு. இதுதான் நான்கு பகுதி முறை.

முதல் அளவீடு எடை. இரண்டாவது கனஅளவு. இப்போது தண்ணீரில் மூழ்க வேண்டியதில்லை. முட்டை வடிவிலான ஒரு மூடிய அறைக்குள் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும். உள்ளே காற்றழுத்தம் மாறுவதைக் கொண்டு, நாம் பாடத்தில் நடத்தும் பாயில் விதியின் அடிப்படையில் கனஅளவைக் கணக்கிடுகிறார்கள். உடலோடு ஒட்டிய நீச்சல் உடையும் தலையை இறுக்கும் தொப்பியும் கட்டாயம். தளர்ந்த துணிக்குள்ளும் முடிக்குள்ளும் சிக்கிய காற்று கணக்கைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது தண்ணீர். டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த நீரைச் சில கிராம் எடுத்துத் துல்லியமாக எடைபோட்டுக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அதில் கதிர்வீச்சு கிடையாது. சில மணி நேரத்தில் அது உடல் தண்ணீர் முழுவதும் சமமாகக் கலந்துவிடும். பிறகு பஞ்சில் உமிழ்நீரை எடுத்து, அதில் டியூட்டீரியம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அளவு தெரியாத தொட்டியில் அளவு தெரிந்த நீலத்தைக் கரைத்து, நிறம் எவ்வளவு வெளிறியது என்று பார்த்துத் தொட்டியின் தண்ணீரைச் சொல்வது போலத்தான். ஒரு திருத்தம் உண்டு: டியூட்டீரியத்தில் கொஞ்சம் புரதத்தில் உள்ள ஹைட்ரஜனோடு இடம் மாறிக்கொள்ளும். அதனால் கிடைத்த அளவில் சுமார் 4 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். மறந்தால் தண்ணீர் கூடும், கொழுப்பு குறையும்.

நான்காவது எலும்புத் தாது. இதற்கு டெக்ஸா ஸ்கேன். இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களைக் குறைந்த அளவில் செலுத்தி எலும்பைப் பிரித்தறியும்.

இந்த நான்கையும் சேர்க்கும் சூத்திரங்கள் பல உண்டு. 1992-இல் பிரிட்டனில் ஃபுல்லர் குழுவினர் வெளியிட்டது இது. கனஅளவு லிட்டரில், மற்றவை கிலோவில்:

கொழுப்பு = 2.747 × கனஅளவு − 0.710 × தண்ணீர் + 1.460 × எலும்புத் தாது − 2.050 × எடை

நம் பிள்ளைக்குப் போடுவோம். 78.84 − 12.78 + 1.46 − 61.50 = 6.02 கிலோ. ஏறக்குறைய 20 விழுக்காடு. முன்பு வந்த 7.1-க்கும் 5.3-க்கும் இடையில் விடை நிற்கிறது. கொழுப்பு போக மீதி 24 கிலோ. அதில் 18 கிலோ தண்ணீர் என்றால் 75 விழுக்காடு. முன்பு 73 என்று ஊகித்த எண்ணை இப்போது நாமே அந்தப் பிள்ளையிடம் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற முறைகளை உரசிப் பார்க்கும் உரைகல்லாக இந்த முறையை வைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இதுவும் குறையற்றது இல்லை. சூத்திரத்தின் முதல் எண்ணைப் பாருங்கள். கனஅளவில் 100 மில்லி பிசகினால் கொழுப்பில் 0.27 கிலோ பிசகும். சிரி சூத்திரத்தில் அதே 100 மில்லிக்கு 0.5 கிலோ பிசகும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே அளவீடுகள் அதிகம், ஒவ்வொன்றும் தன் பிழையையும் கூடவே கொண்டுவரும். புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. மற்ற மூன்றும் போக மிச்சமாகத்தான் வருகிறது. செலவோ அதிகம், பாதி நாள் ஆகும். பள்ளியில் செய்யும் வேலை அல்ல இது.

பிறகு எதற்கு என்றால், எளிய கருவிகளைச் சோதிப்பதற்கு. பெங்களூருவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2014-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் அத்தகைய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். இந்தியப் பெரியவர்களை நான்கு பகுதி முறையில் அளந்து, காற்றறை, டெக்ஸா, தோல் மடிப்பு, மின்தடை ஆகிய நான்கையும் அதனோடு ஒப்பிட்டார்கள். காற்றறை முறைதான் நெருங்கி வந்தது.

கடையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் கொழுப்பு விழுக்காடு காட்டும் எடை மெஷின்கள் அந்த மின்தடை வகைதான். கால் வழியாகச் சிறு மின்சாரம் செலுத்தி, தடையைப் பார்த்து, தண்ணீரை மதிப்பிட்டு, அதிலிருந்து கொழுப்பைச் சொல்கின்றன. அதாவது ஊகத்தின் மேல் ஊகம். எந்த மக்களை அளந்து அந்தச் சமன்பாட்டை எழுதினார்கள் என்பது மெஷினில் எழுதியிருக்காது. வெயிலில் விளையாடி வியர்த்து வந்த பிள்ளைக்கும், சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிள்ளைக்கும் எண் மாறும். அந்த எண்ணைக் கொண்டு ஒரு பிள்ளையைக் குண்டு என்று முடிவு கட்டக் கூடாது.

உடல் நிறை குறியீட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்க அதுதான் நம் கைக்கு எட்டும் கருவி. யாரை மருத்துவரிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்வது என்று அது காட்டும். ஆனால் அது ஒரே ஒரு சமன்பாடு. உள்ளே தெரியாதவை நான்கு. ‘சரியான எடை’ என்று வந்த பிள்ளையின் உடலில் கொழுப்பு கூடியும் தசை குறைந்தும் இருக்கலாம். ‘அதிக எடை’ என்று வந்த கபடி வீராங்கனையிடம் அது தசையாகவும் எலும்பாகவும் இருக்கலாம். அதனால் அந்த எண்ணை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்காமல், பெற்றோரிடம் தனியாகச் சொல்வோம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருங்கமை சமன்பாடு நடத்தும்போது, நான் இங்கே போட்ட 30 கிலோ கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வழியிலும் போட்டு, விடை ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்களே தேடட்டும்.