விலகிச் செல்பவர் சொல்வதும் அறிக்கை சொல்வதும்

பணியாளர் விலகலைப் பற்றிய இந்த ஆய்வரங்கை ஜொகூர் பாருவில் கூட்டியிருப்பது பொருத்தம். வேலையை விட்டுப் போகிறவரிடம் காரணம் கேட்டால், இந்த மாநிலத்தில் ஒரே சொல்லில் பதில் வந்துவிடும்: சிங்கப்பூர். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளி, இந்தப் பக்கம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இதைச் சொன்னதும் மனிதவள அதிகாரி தலையாட்டி, படிவத்தில் 'சம்பளம்' என்ற கட்டத்தைக் குறித்துவிடுகிறார். ஆண்டறிக்கையில் அது பெரிய வட்டத்துண்டாக வரும். நிர்வாகம் பார்த்துப் பெருமூச்சு விடும், பக்கத்தைத் திருப்பும். நாணய மதிப்பை எந்த மேலாளரால் மாற்ற முடியும்?

என் வாதம் இதுதான். ஒருவர் எங்கே போகிறார் என்பதும், எது அவரை வேலை தேட வைத்தது என்பதும் வேறு வேறு செய்திகள். விலகல் நேர்காணல் அறிக்கை இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பாலம் இல்லாத ஊர்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. விலகும்போது சொன்ன காரணத்தையும், பல மாதங்கள் கழித்து அதே ஆட்கள் எழுதித் தந்த காரணத்தையும் லெஃப்கோவிட்ஸ், காட்ஸ் என்ற இருவர் 1969-இல் அமெரிக்காவில் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. வியப்பில்லை. கடைசிச் சம்பளமும் நற்சான்றுக் கடிதமும் கைக்கு வராத நிலையில் சூப்பர்வைசரைப் பற்றி யார் வாய் திறப்பார்? சம்பளம் என்று சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. 1994-இல் லீ, மிட்செல் ஆகியோர் இன்னொன்றை முன்வைத்தார்கள்: பலர் அதிருப்தி மெல்ல மெல்லச் சேர்ந்து விலகுவதில்லை, குறிப்பிட்ட ஒரு நிகழ்வு அவர்களை உலுக்குகிறது, அன்றுதான் போகலாமா என்ற எண்ணம் பிறக்கிறது. ஆகவே, "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்பதைவிட, "வேறு வேலை பார்க்கலாம் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது? அந்த வாரம் என்ன நடந்தது?" என்று கேட்பது பயன் தரும்.

இதை ஒரு கணக்கோடு பார்ப்போம். தொழிற்சாலையும் எண்களும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. பொருத்தும் பிரிவில் 300 பேர், சோதனைப் பிரிவில் 60 பேர். ஆறு மாதத்தில் 36 பேர் விலகுகிறார்கள்: பொருத்துவதில் 24, சோதனையில் 12. 22 பேர் சிங்கப்பூர் அல்லது சம்பளம் என்கிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பொருத்தும் பிரிவுதான் சிக்கலான இடம். தலைக்கணக்கால் வகுத்துப் பாருங்கள்: அங்கே விலகியது 8 சதவீதம், சோதனைப் பிரிவில் 20 சதவீதம். இந்த வகுத்தலைச் செய்யாமல் மேசைக்கு வருகிற அறிக்கைகளே அதிகம்.

அடுத்து, சோதனைப் பிரிவின் 12 நேர்காணல் குறிப்புகளையும் இருவர் தனித்தனியே படிக்கிறார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று பத்தி: போகும் இடம், முதல் நிகழ்வு, அதன் தேதி. பிறகு இருவர் எழுதியதையும் ஒப்பிடுகிறார்கள். 'மேலாண்மை சரியில்லை' என்று ஒருவரும் 'ஷிப்ட்' என்று மற்றவரும் ஒரே குறிப்புக்கு எழுதியிருந்தால், குற்றம் வகைப்பாட்டில் இருக்கிறது. 'மேலாண்மை' என்ற தலைப்பு எதையும் விழுங்கும். அதை உடைத்தாக வேண்டும். இப்படி வகுத்ததில் 9 பேரின் முதல் நிகழ்வு ஒரே மாதத்தில் விழுகிறது. அந்த மாதம்தான் ஓய்வுநாள் வாராவாரம் மாறும்படி ஷிப்ட் அட்டவணை திருத்தப்பட்டது. அட்டவணையை ஒட்டியதும் அது நடப்புக்கு வர இரண்டு நாளுக்கு முன்புதான்.

பலர் இந்த இடத்திலேயே அறிக்கையை முடித்துவிடுவார்கள். நான் முடிக்க மாட்டேன். போனவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறோம். இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? மீதமுள்ள 48 பேரிடம் கேட்டால் 30 பேர் அதே அட்டவணையைத் திட்டுகிறார்கள். போனவர்களில் முக்கால்வாசி, இருப்பவர்களில் ஐந்தில் மூன்றுக்குச் சற்று மேல். இத்தனை சிறிய எண்ணிக்கையில் அந்த இடைவெளியை நம்ப முடியாது. அட்டவணை எல்லாருக்கும் எரிச்சல்தான், ஆனால் எல்லாரும் போகவில்லை.

பிரிக்கும் கோடு வேறிடத்தில் இருக்கிறது. விலகிய 12 பேரில் 8 பேருக்குச் சிறு பிள்ளைகள். அவர்களின் துணைவர் விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். இருப்பவர்களில் இப்படிப்பட்ட குடும்பம் ஆறுதான். ஒருவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்பது வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். இரண்டு நாள் அறிவிப்பு அதைக் குலைக்கிறது. 'சிங்கப்பூர்' என்ற பதில் உண்மைதான், ஆனால் நாம் நினைத்த பொருளில் அல்ல. குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே அங்கே இருப்பதால் இங்கே நேரம் நிலையாக இருந்தாக வேண்டும்.

இப்போது நிர்வாகத்திடம் வைக்க ஒன்று கிடைக்கிறது. சம்பள உயர்வைக் கேட்கவில்லை. அட்டவணை இரண்டு வாரம் முன்னால் ஒட்டப்பட வேண்டும். ஓய்வுநாளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். பொறுப்பு சோதனைப் பிரிவு மேலாளருக்கு. தொடங்குவது இந்த மாதம். யார், எப்போது என்று எழுதாத பரிந்துரையை எந்தக் கூட்டத்திலும் 'கவனிக்கப்படும்' என்று ஒதுக்கிவிடலாம்.

ஓய்வுநாளைப் பற்றிப் பேசும்போது ஜொகூருக்கே உரிய ஒரு குறிப்பு. 2025 ஜனவரி முதல் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிற்று. அதற்கு முந்தைய நேர்காணல்களில் 'லீவு ஒத்து வரவில்லை' என்றவரையும் பிந்தையதில் அதையே சொன்னவரையும் ஒரே வரிசையில் சேர்க்கும் முன், அவரவர் தொழிற்சாலை எந்த நாள்களைப் பின்பற்றியது என்று பாருங்கள்.

வடிவத்தைத் தேடும்போது மறைக்க வேண்டியதும் உண்டு, மறைக்கக் கூடாததும் உண்டு. ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை அச்சிட வேண்டாம். சிறிய பிரிவில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். மேற்கோளைச் சொன்னவரின் பேச்சுவாடையோடு அப்படியே எடுத்துப் போட்டாலும் அதே கதிதான். மறுபுறம், பாலியல் தொல்லை பற்றிய ஒரே ஒரு வாக்குமூலம் வந்தால் அது வடிவமாகும் வரை காத்திருக்கக் கூடாது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. அந்தச் செய்தி தொகுப்பறிக்கைக்குள் ஒரு சதவீதமாகக் கரைந்துபோனால் அறிக்கை எழுதியவரும் பதில் சொல்ல வேண்டியவரே. இவ்வகைப் புகார் தனியே போகும் என்பதை நேர்காணலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

கடைசியாக, மதிப்பீடு. மாற்றத்துக்குப் பின் அடுத்த ஆறு மாதத்தில் சோதனைப் பிரிவில் 12-க்குப் பதில் 8 பேர் விலகினால் கைதட்டத் தோன்றும். 60 பேர் உள்ள பிரிவில் நான்கு பேர் வித்தியாசம் எந்த மாற்றமும் இல்லாமலே வரக்கூடியது. ஆகவே விலகியவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், புதிதாக விலகுபவர்களின் முதல் நிகழ்வு இன்னும் அட்டவணையில்தான் விழுகிறதா என்று பாருங்கள். அது வேறு தேதிக்கு, வேறு காரணத்துக்கு நகர்ந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று ஓரளவு சொல்லலாம்.

முதல் அமர்வுக் கட்டுரையாளர்களிடம் நான் கேட்கப்போவதும் இதையொட்டியே: உங்கள் தரவில் இருப்பவர்களின் குரல் எத்தனை பக்கம்? அமர்வைத் தொடங்கலாம்.