திருவொற்றியூர் வீடும் எண்ணூர்ப் பங்கும்: மூலதன ஆதாயக் கணக்கில் தேதியின் இடம்

ஒருவர் தம் சொத்தை விற்கும்போது, அதை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே கிடைக்கும் மிகுதியை வருமான வரிச் சட்டம் மூலதன ஆதாயம் என்று அழைக்கிறது. இந்த ஆதாயத்துக்கு எவ்வளவு வரி என்பதைத் தொகை மட்டும் முடிவு செய்வதில்லை. சொத்து எத்தனை மாதங்கள் கைவசம் இருந்தது என்பதே முதலில் பார்க்கப்படுகிறது. பங்குச் சந்தையில் விற்கப்படும் பங்கு 12 மாதங்களுக்கு மேல் இருந்திருந்தால் அது நீண்ட காலச் சொத்து. மனைக்கும் வீட்டுக்கும் அந்த வரம்பு 24 மாதங்கள். அதற்குள் விற்றால் கிடைப்பது குறுகிய கால ஆதாயம். விதி எளிதுதான் என்றாலும், மாதங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வியில்தான் பலருடைய கணக்கு பிசகுகிறது.

வடசென்னையில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வூதியத்துக்கே வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ள ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எண்ணூரில் தொழிற்சாலை வைத்துள்ள அசோக் லேலண்ட் நிறுவனத்தின் 1,000 பங்குகளை அவர் 2021-இல் பங்கு ஒன்று 120 ரூபாய் வீதம் சந்தையில் வாங்கியிருக்கிறார் என்க. அந்நிறுவனம் 2025 ஜூலையில் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் போனஸ் பங்கு, அதாவது பங்குதாரருக்கு விலையின்றி ஒதுக்கப்படும் கூடுதல் பங்கு, வழங்கியதால், அவருடைய டீமேட் கணக்கில் இருந்த 1,000 பங்குகள் 2,000 ஆயின. அவர் 2025 டிசம்பரில் 1,500 பங்குகளை 160 ரூபாய் வீதம் விற்றதாக வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டுகள் வைத்திருந்த பங்குதானே, எல்லாமே நீண்ட கால ஆதாயம்தான் என்று அவர் எண்ணுவது இயல்பு. ஆனால் சட்டம் அந்தப் பங்குகளை ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை.

டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது நெடுநாள் நடைமுறை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1998-இலேயே சுற்றறிக்கை மூலம் இதைத் தெளிவுபடுத்தியது. ஆகவே விற்ற 1,500 பங்குகளில் முதல் 1,000 பங்குகள் 2021-இல் வாங்கியவை. பங்குக்கு 40 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் நீண்ட கால ஆதாயம். பட்டியலிட்ட பங்குகளில் ஓர் ஆண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான நீண்ட கால ஆதாயத்துக்கு வரி கிடையாது என்பதால் இந்தப் பகுதிக்கு அவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. எஞ்சிய 500 பங்குகளோ போனஸ் பங்குகள்; அவற்றின் வயது 2021-இலிருந்து அன்று, ஒதுக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படும்; அவற்றின் அடக்க விலையும் பூஜ்யம். எனவே விற்ற தொகையான 80,000 ரூபாய் முழுவதும் குறுகிய கால ஆதாயமாகி, 20 சதவீத வீதத்தில் 16,000 ரூபாய் வரியும் அதன்மேல் 4 சதவீத மேல்வரியும் விழுகின்றன. அதே 500 பங்குகளை ஒதுக்கீட்டு நாளிலிருந்து ஓராண்டு கடந்து, 2026 ஜூலைக்குப் பின் அதே விலைக்கு விற்றிருந்தால், அந்த ஆண்டில் வேறு பங்கு ஆதாயம் இல்லாத நிலையில், வரி ஒரு ரூபாய்கூட வந்திராது. பங்குத் தரகர் தரும் ஆண்டறிக்கையில் இப்பிரிவு தெளிவாகக் காட்டப்பட்டிருந்தும், விற்ற பிறகே அதைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது வருந்தத்தக்கது.

வீட்டின் கதை இதற்கு நேர்மாறானது. இவருடைய தந்தை 1988-இல் திருவொற்றியூரில் வாங்கிய வீடு, தந்தையின் மறைவுக்குப் பின் 2024 ஏப்ரலில் ஒரே வாரிசான இவருக்கு வந்தது; 2026 ஜனவரியில் 72 லட்சம் ரூபாய்க்குக் கிரயம் செய்யப்பட்டது. இவர் பெயரில் வீடு இருந்தது 21 மாதங்களே என்பதால் குறுகிய காலம் என்று தோன்றலாம். வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேர்த்தே எண்ணப்படும் என்பதால், இது ஐயத்துக்கு இடமில்லாத நீண்ட காலச் சொத்து. வாங்கிய விலையும் தந்தையின் விலையே. எனினும் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அம்மதிப்பு அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இங்கே அது 12 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம்.

2024 ஜூலை 23 முதல் நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி என்றும், விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் காட்டும் குறியீட்டுச் சலுகை இல்லை என்றும் சட்டம் மாறியது. ஆயினும் அந்த நாளுக்கு முன் பெற்ற மனையையோ வீட்டையோ விற்கும் இந்தியவாசியான தனிநபர், பழைய முறையில் குறியீட்டோடு 20 சதவீதம் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். புதிய முறையில் 72 லட்சத்திலிருந்து 12 லட்சம் போக 60 லட்சம், வரி 7.5 லட்சம். பழைய முறையில் 2001-02-இன் குறியீடு 100, 2025-26-இன் குறியீடு 376 என்பதால் 12 லட்சம் 45.12 லட்சமாக உயர்கிறது, ஆதாயம் 26.88 லட்சமாகச் சுருங்கி, வரி 5,37,600 ரூபாயாகிறது. கொடையாக வந்த சொத்துக்கு எந்த ஆண்டின் குறியீட்டிலிருந்து தொடங்குவது என்று எழுந்த வழக்கில், முந்தைய உரிமையாளரின் காலத்திலிருந்தே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. வாரிசுச் சொத்துக்கான இந்தக் கணக்கும் அத்தீர்ப்பின் வழியிலேயே அமைகிறது. பழைய முறை எல்லோருக்கும் லாபம் என்று கொள்ளலாகாது. 2001 மதிப்பு 12 லட்சத்துக்குப் பதில் 6 லட்சமாக இருந்திருந்தால் 12.5 சதவீத முறையே குறைந்த வரியைத் தந்திருக்கும். ஆகவே இரண்டையும் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

இதன்பின் வருவது விலக்கு. விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், ஊரக மின்மயக் கழகம், இந்திய ரயில்வே நிதிக் கழகம் போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடும் வரி விலக்குப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்தாண்டுகள் அவற்றை விற்கவோ ஈடுவைத்துக் கடன் பெறவோ கூடாது. இவர் 20 லட்சம் போட்டால் அது கழிக்கப்பட்டு, பழைய முறையில் 6.88 லட்சத்துக்கு மட்டும் 1,37,600 ரூபாய் வரி மிஞ்சும். பங்கு விற்ற ஆதாயத்துக்கு இந்தப் பத்திரம் உதவாது; இது மனைக்கும் கட்டடத்துக்கும் உரியது.

வேறு வீடு வாங்குவதாயின், விற்றதற்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதாயின் மூன்று ஆண்டுகள். பலர் இந்தக் கெடுவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, விற்ற பணத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலோ வைப்பு நிதியிலோ விட்டுவிடுகிறார்கள். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாள் வரை வீட்டுக்குச் செலவாகாத ஆதாயத்தை, அந்நாளுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் பின்னர் வீடு வாங்கினாலும் அந்தத் தொகைக்கு விலக்கு மறுக்கப்படும் வாய்ப்பு உண்டு. போட்டும் மூன்று ஆண்டுகளில் செலவழிக்காமல் எஞ்சும் பணம், அக்காலம் முடியும் ஆண்டில் ஆதாயமாகவே வரிக்கு உள்ளாகும். ஆகவே ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வீட்டை விற்பவர்கள், முன்பணம் கைக்கு வருவதற்கு முன்பே தாய்ப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய், வைத்திருந்த காலத்தையும் 2001 மதிப்பையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.