கடை கைமாறும் நாளில் சரக்குக் கணக்கு

சிறு கடையொன்று கைமாறும்போது விலையை இரண்டு கூறாகப் பேசுவது வழக்கம். கடையின் பெயர், வாடிக்கை, அலமாரிகள், தராசு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்கு ஒரு தொகை. இது முதல் நாளே முடிவாகிவிடும். மற்றது சரக்கு. அது நாள்தோறும் கூடும், குறையும். ஆகவே, "சரக்கு தனி, கைமாறும் அன்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். எண்ணுவது சரி, எந்த விலையில் எண்ணுவது? எதை எண்ணுவது? எதை விடுவது? இவற்றை முன்னதாகப் பேசாமல் விட்டவர்கள், கடை கைமாறும் இரவில் அலமாரியின் முன் நின்று வாக்குவாதம் செய்ய நேரிடுகிறது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கடையை மனத்தில் அமைத்துக்கொள்வோம். மலேசியாவில், தோட்டப்புறத்தை ஒட்டிய சிறு பட்டணம் ஒன்றில் ஒரு மளிகைக் கடை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கடையில் 14 ஆண்டுகள் வேலை செய்தவரே அதை வாங்கிக்கொள்ள முன்வருகிறார். கடைக்கு 30,000 வெள்ளி. சரக்கு "ஏறக்குறைய 40,000 வெள்ளி பெறும்" என்கிறார் முதலாளி. கவனியுங்கள், கடையின் விலையைவிடச் சரக்கின் விலையே அதிகம். வாங்குபவரின் சேமிப்பும் வங்கிக் கடனும் பெரும்பாலும் இந்தச் சரக்கில்தான் போய் முடங்கப் போகின்றன. முதலாளிக்கோ, இதுதான் முதுமைக்கான கைப்பணம். ஆயினும், இத்தனை ஆண்டுகள் சோறு போட்டவரிடம், "முதலாளி, எண்ணிப் பார்ப்போமா?" என்று கேட்க வாங்குபவருக்கு நா எழாது. "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது? இந்தக் கூச்சத்துக்கு ஒரே மருந்து, விதிகளை எண்ணிக்கைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவதுதான். அதன் பிறகு எண்ணுவது சந்தேகம் ஆகாது. ஒப்பந்தப்படி நடக்கும் வேலையாகிவிடும்.

முதல் விதி விலையைப் பற்றியது. சரக்கைக் கொள்முதல் விலைக்கே மதிப்பிட வேண்டும். விற்பனை விலைக்கு அல்ல. இன்னும் விற்காத பொருளின் இலாபம் அதை விற்கப்போகிறவருக்கு உரியது. அந்தக் கொள்முதல் விலைக்கும் விற்க முடியாத பொருளாக இருந்தால், என்ன விலைக்குப் போகுமோ அதையே மதிப்பாகக் கொள்ள வேண்டும். கணக்காளர்களும் இப்படித்தான், இரண்டில் குறைந்ததை எடுப்பார்கள். கொள்முதல் விலை என்றால் பட்டியலில் அச்சிட்ட விலை அன்று. கழிவு போக உண்மையில் கொடுத்த விலை. பத்துப் பெட்டி பால்டின் வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்று மொத்த வியாபாரி கொடுத்திருப்பார். பெட்டி 66 வெள்ளி வீதம் பத்துப் பெட்டிக்கு 660 வெள்ளி கொடுத்து, பதினொரு பெட்டி வந்தது என்றால், ஒரு பெட்டியின் அடக்கம் 60 வெள்ளிதான். எந்த மாதத்துப் பட்டியலைக் கொள்வது என்பதையும் எழுதிவிட வேண்டும். கடைசியாக வந்த பட்டியலின் விலை என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் எளிது.

அரிசி, சர்க்கரை, எண்ணெய், மாவு போன்றவற்றுக்குப் பட்டியல் எடுத்து விலை போட்டுவிடலாம். ஆனால் கடையில் உள்ள ஆயிரம் சில்லறைச் சாமான்களுக்கும் பட்டியல் தேட முடியாது. அவற்றை அலமாரி விலைக்குக் கூட்டி, இலாப விகிதத்தைக் கழிப்பார்கள். தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். 80 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விற்கிறோம். இலாபம் 20 வெள்ளி. இது கொள்முதலில் நூற்றுக்கு 25. விற்பனையில் நூற்றுக்கு 20. முதலாளி "டின் சாமானில் எனக்கு நூற்றுக்கு 25" என்று சொல்லும்போது கொள்முதலைத்தான் நினைக்கிறார். வாங்குபவர் அதை அலமாரி விலையிலிருந்து கழிக்கிறார். அலமாரி விலை 20,000 வெள்ளி என்றால், அவர் போடும் மதிப்பு 15,000. உண்மை மதிப்பு 16,000. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதில் முதலாளிக்கு 1,000 வெள்ளி போய்விட்டது. ஆகவே, "விற்பனை விலையில் நூற்றுக்கு இத்தனை" என்று முழுமையாக எழுத வேண்டும்.

எல்லாச் சாமானுக்கும் ஒரே விகிதம் போடுவதும் தவறு. மசாலைச் சாமான், பூசைப் பொருள், சில்லறைச் சாமான்களில் இலாபம் கூடுதல். நம் கடையில் அவற்றின் அலமாரி விலை 12,000 வெள்ளி; இலாபம் விற்பனை விலையில் நூற்றுக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 7,800 வெள்ளி. டின் சாமானுக்குப் போட்ட 20-ஐயே இதற்கும் போட்டால் 9,600 ஆகிவிடும். இப்போது 1,800 வெள்ளி இழப்பவர் வாங்குபவர். இலாபம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள சாமான்களை ஒரு பிரிவாக்கி, மூன்று அல்லது நான்கு பிரிவு வைத்தால் போதும். ஒவ்வொரு பிரிவிலும் பத்துச் சாமானை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டால், சொன்ன விகிதம் சரியா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது விதி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது. காலாவதியானவை, எலி கடித்தவை, வீங்கிய டின்கள் ஆகியவற்றுக்கு மதிப்பே இல்லை. ஒட்டுத்தாள் கிழிந்த டின்னும் சற்றே நெளிந்த பெட்டியும் அப்படியல்ல. விற்கக்கூடியதை வாங்குபவர் ஒரேயடியாகத் தள்ளக்கூடாது. ஆறு மாதமாக அசையாமல் கிடக்கும் சரக்கைத் தனித்தாளில் எழுதிப் பாதி விலை என்று முன்னரே பேசிக்கொள்ளலாம். ரொட்டி, பனிக்கூழ், பத்திரிகை போன்றவற்றில் சில, விற்ற பிறகு பணம் கொடுப்பதாக வைத்துப் போனவை. அவை முதலாளியின் பொருளே அல்ல. சில கடைகளில் குளிர்ப்பெட்டியும் நிறுவனத்துக்குச் சொந்தம். அவற்றை எண்ணிக்கையில் சேர்த்தால் வாங்குபவர் இருமுறை பணம் கொடுப்பார்.

சரக்கின் மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பும் கீழ்வரம்பும் வைப்பது நல்லது. உச்சவரம்பு இல்லையென்றால், மலிவாகக் கிடைத்ததையெல்லாம் கடைசி மாதத்தில் வாங்கி நிரப்பிவிட இடமுண்டு. கீழ்வரம்பு இல்லையென்றால், ஓடும் சரக்கெல்லாம் தீர்ந்து, ஓடாத சரக்கு மட்டும் மிஞ்சிய கடையைத் திறக்க வேண்டிவரும். நம் கடைக்கு 42,000 வெள்ளிக்கு மேற்படாமல், 32,000-க்குக் குறையாமல் என்று எழுதுகிறார்கள்.

இனி எண்ணும் இரவுக்கு வருவோம். கடை அடைத்ததும் அன்றைய கடைசி விற்பனைச் சீட்டின் எண்ணையும் கடைசியாக வந்த சரக்குப் பட்டியலின் எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணி முடியும்வரை ஒரு பொருளும் உள்ளே வரக்கூடாது; வெளியே போகவும் கூடாது. ஒருவர் எண்ணிச் சொல்வார், மற்றவர் எழுதுவார். ஒருவர் முதலாளி தரப்பு, ஒருவர் வாங்குபவர் தரப்பு. மேல் தட்டில் இடமிருந்து வலமாகத் தொடங்கி, எண்ணி முடித்த தட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். திறந்த மூட்டையைத் தராசில் வைத்து, சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். அடுக்கிய பெட்டிகளில் அடியில் உள்ள சிலவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். கிடங்கில் வெற்றுப் பெட்டிகள் அடியில் தங்கிவிடுவது உண்டு. அதற்கு ஏமாற்று எண்ணம் வேண்டியதில்லை, மறதியே போதும்.

அன்றிரவு அளவை மட்டும் எழுதுங்கள். விலை போட வேண்டாம். விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எண்ணிக்கை நின்றுவிடும். தாள்களுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு படியாக எழுதி, அடியில் இருவரும் கையொப்பமிட வேண்டும். அடித்துத் திருத்திய இடத்திலும் இருவரின் சுருக்கொப்பமும் வேண்டும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அமர்ந்து விலை போட்டுக்கொள்ளலாம்.

நம் கடையின் கணக்கைப் பார்ப்போம். பட்டியல்படி விலை போட்ட அரிசி, எண்ணெய் வகை 16,200 வெள்ளி. டின் சாமான் 16,000. மசாலையும் சில்லறையும் 7,800. மொத்தம் 40,000. முதலாளி சொன்ன தொகை சரியாகவே இருந்தது. ஆனால் இதற்குள் காலாவதியானவை 1,100 வெள்ளிக்கு இருந்தன. அவை முழுதும் கழிந்தன. அசையாச் சரக்கு 4,000 வெள்ளிக்கு இருந்தது. அதில் பாதி, அதாவது 2,000, கழிந்தது. முடிவான தொகை 36,900 வெள்ளி. 3,100 வெள்ளி குறைந்தது பற்றி இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. குறைத்தது வாங்குபவர் அல்லர். இருவரும் முன்பே ஒப்பிய விதி.

வாடிக்கையாளர் தரவேண்டிய கடன் புத்தகத்துப் பாக்கி சரக்கில் சேராது. அதைத் தனியாகப் பேசவேண்டும். மொத்த வியாபாரிகளுக்கு முதலாளி கொடுக்கவேண்டிய பாக்கி அவருடையதே என்பதையும் எழுதிவிட வேண்டும். சரக்குத் தொகையில் பத்தில் ஒரு பங்கை, இங்கே 3,690 வெள்ளியை, வழக்கறிஞரிடம் முப்பது நாள் நிறுத்திவைக்கலாம். "அந்தச் சரக்கு என்னுடையது, இன்னும் பணம் வரவில்லை" என்று யாராவது வந்து நின்றால் அப்போது அது உதவும்.

எல்லாம் செய்தும் உடன்பாடு எட்டாவிட்டால் என்ன செய்வது? இருவருக்கும் பொதுவான ஒருவரை, அதே தொழில் தெரிந்த ஒரு பழைய வியாபாரியையோ கணக்காளரையோ மதிப்பிடச் சொல்லலாம். அவர் பெயரையும், அவருடைய கட்டணத்தை இருவரும் பாதிப் பாதியாக ஏற்பதையும், அவர் சொல்வதே முடிவு என்பதையும் முதல் தாளிலேயே எழுத வேண்டும். அவரால் வர இயலாவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் மனிதர் விதிக்கும் விலைக்குப் பொருளை விற்பதாக ஒப்பந்தம் செய்து, அவர் மதிப்பிட இயலாமலோ மதிப்பிடாமலோ போனால், மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி அந்த ஒப்பந்தமே செல்லாமல் போகும். வாங்குபவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சரக்குக்கு மட்டும் நியாயமான விலை கொடுக்கவேண்டிவரும். அந்த நியாயமான விலை எது என்பது மீண்டும் ஒரு வழக்காகும். இரண்டாவது பெயர் ஒன்றை எழுதி வைப்பதற்கு ஒரு வரி போதும், நேயர்களே.