எந்தச் சொல் வழங்குகிறது?



ஸ்மார்ட்போனுக்குத் தமிழில் சொல் இல்லை என்று இனி எவரும் குறைசொல்ல முடியாது. திறன்பேசி, அறிதிறன்பேசி, நுண்ணறிபேசி, சூட்டிகைப்பேசி என்று பல பிறந்துவிட்டன. எது அழகு என்று நெடுநாள் வாதாடிவிட்டோம். எது வழங்குகிறது என்பதை இந்தக் கருத்தரங்கில் பார்ப்போம்.

எண்ணிப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் ‘திறன்பேசி’ என்ற வடிவத்தை மட்டும் எண்ணினால் ‘திறன்பேசியை’, ‘திறன்பேசிகளில்’ எல்லாம் நழுவிவிடும். பிரித்து எழுதுவோரையும் சேர்க்கலாம் என்றால், ‘வேட்பாளரின் திறன் பேசி வாக்குக் கேட்டார்கள்’ என்ற வாக்கியமும் கணக்கில் ஏறும். அங்கே ‘பேசி’ வினையெச்சம். ‘இணையம்’ இன்னும் தொல்லை தரும். ‘இணையத்தில்’, ‘இணையதளம்’ இரண்டையும் பிடிக்க ‘இணைய’ என்று வெட்டித் தேடினால், ‘கட்சியில் இணைய விரும்புகிறார்’ என்பதும் வந்து விழும். ஆகவே கிடைத்த வாக்கியங்களில் ஒரு பகுதியையாவது கண்ணால் படித்துக் களைந்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும்.

களைந்த பின்னும் ஒரு கேள்வி நிற்கிறது. ‘ஸ்மார்ட்போன் எனப்படும் திறன்பேசி’ என்று எழுதுபவர் அந்தச் சொல்லை அறிமுகம் செய்கிறார். வாசகருக்கு அது தெரியும் என்று அவர் நம்பவில்லை. விளக்கம் இல்லாமல், துணைக்கு ஆங்கிலச் சொல் இல்லாமல், போகிற போக்கில் வரும் இடங்களைத் தனியாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் வழக்கைக் காட்டும்.

‘செயலி’யைப் பாருங்கள். கணினியின் பிராசசருக்கு நாம் வைத்த பெயர் அது. இன்று செய்தித்தாளில் ‘செயலி’ என்றால் பெரும்பாலும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப். ‘குறுஞ்செயலி’ என்று வேறுபடுத்திப் பார்த்தவர்கள் உண்டு. எழுதுவோரில் பலர் ‘குறு’வை உதிர்த்துவிட்டார்கள். விளக்கமே இல்லாமல் தலைப்பிலேயே ‘செயலி’ நிற்கிறது. நாம் வகுத்த பொருள் பின்தங்கி, மக்கள் கொண்ட பொருள் முந்திவிட்டது. எனக்கு இதில் வருத்தமில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் பொருள் பிரிக்காமல் எண்ணினால் இரண்டு சொற்களின் வாழ்வு ஒன்றாகக் கலந்துபோகும்.

பேச்சு வேறு கணக்கு. கடையில் ‘திறன்பேசி காட்டுங்கள்’ என்று கேட்பவரை நான் கண்டதில்லை. ‘போன்’ என்றுதான் கேட்கிறார்கள். அதனால் திறன்பேசி தோற்றுவிட்டது என்று எழுதிவிட வேண்டாம். ‘பஸ்ல வந்தேன்’ என்று சொல்பவரே கடிதத்தில் ‘பேருந்தில் வந்தேன்’ என்று எழுதுகிறார். பேருந்துக்கு எழுத்தில் கிடைத்த இடம் திறன்பேசிக்கும் கிடைத்திருக்கிறதா என்பதே ஒப்பிட வேண்டியது. எண்ணைச் சொல்லும் ஒவ்வொருவரும் அது எந்த ஏட்டில், எந்த ஆண்டில், எந்த நாட்டில் எடுத்தது என்பதையும் சொல்லுங்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.