'ம்' கேட்டுச் சொல்லும் கதை



இலக்கிய உரை என்றதும் ஒரு காப்பியத்தையோ கவிதையையோ எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டது, கேட்பவர் கடைசி வரை விழித்திருந்து கேட்டுவிட்டால் சொன்னவர் தோற்றுப்போகிற ஓர் இலக்கியம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குப் படுக்கையிலே சொல்லும் கதைதான் அது.

இதைப் பற்றி யோசிக்க வைத்தவள் என் தங்கை. புத்தளம் மாவட்டக் கரையிலே பல தாய்மாரைப் போல அவளும் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனாள். இரண்டரை வயது மகனை உடப்பிலே என் அம்மாவிடம் விட்டுப் போனாள். இரவிலே மகனுக்குத் தன் குரல் கேட்க வேண்டும் என்று, கதைகளைக் கைத்தொலைபேசியிலே பதிந்து அனுப்பினாள். பலன் நேர்மாறாக இருந்தது. கதை முடிந்ததும் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "அம்மா எங்க?" என்று அழத் தொடங்கினான். "அண்ணா, நான் அனுப்புறது அவனை எழுப்பத்தானா?" என்று அவள் கேட்டபோது, தமிழ் ஆசிரியனான எனக்குப் பதில் தெரியவில்லை. பல இரவுகள் பிள்ளையின் பக்கத்தில் படுத்துக் கேட்ட பிறகே புரிந்தது.

அவள் அனுப்பியது, தன் பெயரை மறந்த ஈயின் கதை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஈ கன்றிடம் கேட்கும், பசுவிடம் கேட்கும், மேய்ப்பவனிடம் கேட்கும். ஒவ்வொரு முறையும் பழைய பெயர்கள் எல்லாம் திரும்ப வந்து, புதிதாக ஒன்று சேரும். முடிவிலே குதிரை கனைக்க, ஈக்குப் பெயர் கிடைக்கும். திரும்பத் திரும்ப வரும் சொல் இதிலே நிறைய உண்டு. ஆனால் அது வளர்ந்துகொண்டே போகிறது. அடுத்தது யார் என்று பிள்ளை எதிர்பார்க்கிறான். முடிவிலே கனைப்பும் சிரிப்பும். பகலுக்கு இதைவிட நல்ல கதை இல்லை. இரவுக்கு இது ஆகாது.

எங்கள் ஊர்க் கரைவலையை நினைத்துப் பார்த்தேன். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவிலும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுவார்கள். மடி கரையை நெருங்க நெருங்க இழுவை வேகம் பிடிக்கும். பாட்டும் வேகம் பிடிக்கும். ஆகவே திரும்ப வரும் சொல் தானாக உறக்கம் தருவதில்லை. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே கணக்கு. உறக்கக் கதை, வலையை இழுக்கிற கதை அல்ல. கையிலிருந்து கயிற்றை மெல்ல நழுவ விடுகிற கதை.

அமெரிக்காவிலே 1947இல் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதிய 'குட்நைட் மூன்' என்ற சிறு நூல் இந்த இறக்கத்தை அறிந்து செய்தது. ஓர் அறையிலுள்ள பொருள்களை முதலில் பெயர் சொல்லிக் காட்டுகிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்லி விடைபெறுகிறது. பக்கம் திருப்பத் திருப்ப, கிளெமென்ட் ஹர்ட் வரைந்த அந்த அறை கொஞ்சம் கொஞ்சமாக இருளுகிறது. சம்பவம் என்று எதுவும் இல்லை. தெரிந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை விட்டு அகலுகின்றன, அவ்வளவுதான்.

அதே வழியிலே நானும் தங்கையும் எங்கள் கரையை வைத்து ஒரு கதை கட்டினோம். "தோணி வந்துச்சாம். கரையில ஏறிச்சாம். உறங்கிப் போச்சாம்." அடுத்து வலை, அடுத்து நண்டு, அடுத்து காகம். எல்லாம் பிள்ளை பகலிலே பார்த்தவை. புதிய ஆள் யாரும் இடையிலே வரக்கூடாது. கேள்வியும் கேட்கக்கூடாது, "நண்டு எங்க போச்சு, சொல்லு?" என்று கேட்டால் பிள்ளை விழித்துப் பதில் தேடுவான். முதலிலே ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கடைசியிலே அலை மட்டும் மிஞ்சும். "அலை வந்துச்சாம்... போச்சாம்... வந்துச்சாம்... போச்சாம்..." அலைக்கு முடிவு இல்லை. ஆகவே "கதை முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டிய இடமே இல்லை. அந்த அறிவிப்புத்தான் முன்பு பிள்ளையை எழுப்பி உட்கார வைத்தது.

இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. கதை சொல்லும்போது நாம் வாக்கியத்தை 'ஆம்' என்று முடிக்கிறோம். கண்டதாகச் சொல்லாமல், கேட்டதாகச் சொல்லும் முறை அது. அந்த 'ஆ' நீளும். 'ம்' வந்ததும் உதடு மூடும். உதடு மூடிய பிறகும் ஒலி மூக்கு வழியே ஓடிக்கொண்டிருக்கும். "போச்சாம்" என்பதை வேண்டுமட்டும் நீட்டலாம். சொல் தேய்ந்து வெறும் முனகலாகும். முனகல் தேய்ந்து மூச்சாகும். ஒலிக்கும் மௌனத்துக்கும் இடையிலே படி எதுவும் இருக்காது.

கேட்பவரின் சொல்லும் அதே 'ம்' தான். கதை கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். அது மரியாதைக்கு மட்டும் அல்ல, அளவுகோலும் கூட. என் அம்மா இதை யாரிடமும் படித்தவர் அல்லர். பேரன் 'ம்' என்று உடனே சொன்னால் இயல்பான குரலிலே சொல்லுவார். 'ம்' தாமதித்து வந்தால் இவரும் தாமதிப்பார். 'ம்' நின்றுவிட்டால் கதையை நிறுத்தமாட்டார்! அங்கேதான் நான் பலமுறை பிழை விட்டேன். சட்டென்று நிறுத்தினால், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது போலப் பிள்ளை கண் திறந்துவிடுவான். அம்மா இன்னும் சில நிமிடம் அலையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு பேரனின் கையை மெல்லத் தூக்கி விடுவார். கை துவண்டு விழுந்தால் உறக்கம் பிடித்துவிட்டது. விரல் மடங்கினால் இன்னும் நாலு அலை வேண்டும்.

பதிவு செய்த குரலுக்கு இந்தக் காது இல்லை. தங்கையின் புதிய கதையிலே இறக்கமும் தேய்வும் இருந்தன. பிள்ளை முன்போல அழவில்லை. ஆனால் சில இரவுகளிலே பதிவு முடியும்போது அவன் விழித்திருந்தான். சில இரவுகளிலே பாதியிலேயே உறங்கிவிட்டான். பதிவு அதை அறியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். காகம் உறங்கும் வரை தாயின் குரல். அலை தொடங்கும்போது கைத்தொலைபேசியை மெல்ல அணைத்துவிட்டு, அம்மா அதே சொல்லை அதே சுருதியிலே தொடருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் தங்கைக்கு அரை மணி நேரம் கிடைத்தது. இங்கே இரவு எட்டு மணி, அங்கே மாலை ஐந்தரை. நேரடியாகவே கதை சொன்னாள். தோணி உறங்கியது, வலை உறங்கியது. பிள்ளையின் 'ம்' தூரம் கடந்து அவளுக்குக் கேட்டது. நண்டுக்கு ஒரு 'ம்'. காகத்துக்கு வெறும் மூச்சு. அலை வந்தது, போனது. அவள் குரலும் போனது. அழைப்பைத் துண்டிக்க நான் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தப் பக்கத்திலே தங்கை பேசாமல், மகன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த நேரம் தீரும் வரை அப்படியே விட்டோம்.

வானொலியிலே மௌனத்துக்கு இடம் இல்லை. ஆகையால் நான் சொல்லியே விடைபெற வேண்டியிருக்கிறது.