கடைசிப் பரீட்சைக்கு எத்தனை மார்க் வேணும்?

இன்னைக்குப் பேசப்போறது, பிளஸ் டூ கடைசிப் பரீட்சைக்கு முன்னாடி நாள் ராத்திரி போடுற கணக்கு.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மார்க் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, அதாவது ஆளுக்கு 50. வேதியியல் பரீட்சைதான் பாக்கி, இலக்கு 180-னு வச்சுக்குவோம். ஆன்சர் கீ பார்த்ததுல கணக்கு 92, இயற்பியல் 84 வரும்னு தோணுது. 92-ஓட 84-ல பாதி 42-ஐக் கூட்டினா 134. இன்னும் 46 வேணும். வேதியியல் பாதிதான் சேரும்ங்கிறதால அதை இரட்டிப்பாக்கணும். ஆக, 92.

இந்த 92-உம் நாளைக்கு எழுதுற தாள்ல மட்டும் எடுக்கவேண்டியது இல்ல. வேதியியல் 100-ல செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 30 ஏற்கெனவே முடிஞ்ச கதை. அது முழுசா கிடைச்சிருந்தா, 70-க்கு 62 எடுத்தா போதும். 28-தான் கிடைச்சிருக்கும்னா 64.

இங்கதான் பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. கணக்குல 92-ங்கிறது நம்ம அனுமானம்தானே? ஸ்டெப் மார்க் போய் 89 ஆயிடுச்சுன்னா, குறையுற 3 மார்க் வேதியியல்ல 6 ஆகும். இப்போ 98 வேணும். அதுவே 95 வந்திருந்தா 86 போதும். இயற்பியல் அனுமானம் 3 தப்பினா அப்படி இல்ல. ரெண்டுமே பாதிதான் சேரும்ங்கிறதால, வேதியியல்லயும் 3-தான் மாறும். அதனால கணக்குத் தாளை மட்டும் கொஞ்சம் கறாரா திருத்திப் பாருங்க.

கணக்கு 87-க்கு இறங்கினா விடை 102-னு வரும். 100-க்கு மேல வந்தா, அந்த இலக்கு கைக்கு எட்டாதுன்னு அர்த்தம். அப்போ கேள்வியைத் திருப்பிப் போடணும். வேதியியல்ல நூத்துக்கு நூறு வாங்கினா எங்க நிக்கும்? 87, 42, 50. மொத்தம் 179. அதுதான் உங்க உச்சவரம்பு. கல்லூரி லிஸ்ட்டை அதுக்குக் கீழ இருந்து யோசிக்கலாம்.

180-ங்கிற இலக்கே பெரும்பாலும் போன வருஷக் கட்-ஆஃப்ல இருந்து எடுத்ததுதான். கவுன்சலிங் நடக்குறது ரேங்க் படி. தாள் சுலபமா இருந்தா எல்லாருக்கும் மார்க் ஏறும். அதே 180-க்குப் பின்னாடி தள்ளின ரேங்க் வரும். அதனால ஒரே எண்ணைப் பிடிச்சுக்காம, 178, 180, 182-னு மூணுக்கும் போட்டுப் பாருங்க. வேதியியல்ல வேண்டியது 88, 92, 96. இதுல எது உங்களால முடியும்னு மாடல் டெஸ்ட் மார்க்கே சொல்லிடும்.